ஊடுருவப்பட்ட இன்ஸ்டாகிராம் கணக்கை மீட்டலும் ஊடுருவல் வழிகளை அடைத்தலும்

ஒருவரின் சமூக ஊடகக் கணக்குக்குள் வேறொருவர் அனுமதியின்றி நுழைந்து, அதன் கடவுச்சொல்லையும் தொடர்பு விவரங்களையும் மாற்றி, உரிமையாளரை வெளியேற்றுவது கணக்கு ஊடுருவல் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் ‘ஐடி ஹேக் ஆகிவிட்டது’ என்பார்கள். மீட்பு என்பது இரண்டு வேலைகளைக் கொண்டது. கணக்குக்குள் மீண்டும் நுழைவது முதல் வேலை. ஊடுருவியவர் வந்த வழியையும், மறுபடி வருவதற்காக அவர் உள்ளே விட்டுச்சென்ற வழிகளையும் அடைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை முடிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மீட்கப்பட்ட கணக்கு சில மணி நேரத்திலேயே மறுபடி பறிபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டு வேலைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. திரையில் தோன்றும் பெயர்கள் ஆங்கிலப் பதிப்பில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. செயலியின் பதிப்பைப் பொறுத்து அவை சற்று மாறலாம்.

எடுத்துக்காட்டு: ஒரு ஸ்கிரீன்ஷாட்டால் பறிபோன கணக்கு

இத்தகைய ஊடுருவல்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் வடிவத்தை ஒட்டி அமைத்த நிகழ்வு இது. கல்லூரி மாணவி ஒருவருக்கு இரவு எட்டு மணிக்கு அவருடைய தோழியின் கணக்கிலிருந்து செய்தி வருகிறது. ‘ஒரு போட்டியில் கலந்துகொண்டிருக்கிறேன், உன் வாக்கு வேண்டும். உன் போனுக்கு ஒரு லிங்க் வரும். அதைத் தொடாதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து மட்டும் அனுப்பு’ என்கிறது அந்தச் செய்தி. ஒரு நிமிடத்தில் இன்ஸ்டாகிராமிடமிருந்து உண்மையான குறுஞ்செய்தி ஒன்று வருகிறது. அதில் `ig.me` என்று தொடங்கும் இணைப்பு இருக்கிறது. மாணவி ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புகிறார்.

செய்தி அனுப்பியவர் தோழி அல்லர். தோழியின் கணக்கை முன்பே பறித்தவர். அவர் நுழைவுத் திரையில் மாணவியின் பயனர்பெயரை இட்டு “Forgot password?” என்பதை அழுத்தியிருக்கிறார். அதனால் மாணவியின் போனுக்கு வந்தது வாக்களிக்கும் இணைப்பு அன்று, அவருடைய கணக்குக்குள் நுழையும் இணைப்பு. ‘தொடாதே’ என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. இணைப்பை மாணவியே திறந்தால் அது கணக்கு மீட்புக்கானது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். படத்தில் தெரியும் எழுத்துகளை ஊடுருவியவர் தன் உலாவியில் தட்டச்சிட்டால் அவருக்குப் போதும்.

அடுத்த பத்து நிமிடத்தில் அவர் கடவுச்சொல், மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் மாற்றுகிறார். ஈரடுக்குச் சரிபார்ப்பைத் தன் போனில் உள்ள குறியீட்டுச் செயலியோடு இணைத்து இயக்குகிறார். பிறகு மாணவியின் பெயரில் ‘முதலீடு செய்தேன், பணம் இரட்டிப்பானது’ என்ற பதிவு வருகிறது. அவருடைய நண்பர்களுக்குத் தனிச் செய்திகளும் போகின்றன. ஆபத்து மாணவியோடு நிற்காமல், அவரை நம்புகிறவர்களின் பணத்துக்கும் கணக்குக்கும் பரவுகிறது.

முதலில் கண்டறிய வேண்டியது: எந்த வழியாக வந்தார்?

வந்த வழி தெரிந்தால்தான் எதை முதலில் காக்க வேண்டும் என்பது தெரியும். இதற்கான தடயம் பெரும்பாலும் மின்னஞ்சல் பெட்டியிலும் குறுஞ்செய்திகளிலும் இருக்கும்.

கேட்காமலே கடவுச்சொல் மீட்பு இணைப்பு வந்து, அதன்பின் கணக்கு பறிபோயிருந்தால், அந்த இணைப்போ குறியீடோ வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது. இந்த வகையில் ஊடுருவியவருக்குப் பழைய கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே கண்ட மாணவியின் நிலை இதுதான்.

மீட்பு இணைப்பு எதுவும் வராமல், ‘புதிய கருவியிலிருந்து நுழைந்துள்ளீர்கள்’ என்ற அறிவிப்பு மட்டும் வந்திருந்தால், கடவுச்சொல்லே வெளியே போயிருக்கக்கூடும். போலி நுழைவுப் பக்கத்தில் அதைத் தட்டச்சிட்டிருக்கலாம். வேறொரு தளத்திலும் அதே கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, அத்தளத்திலிருந்து அது கசிந்திருக்கலாம். அப்படியானால் அதே கடவுச்சொல் கொண்ட எல்லாக் கணக்குகளும் ஆபத்தில் உள்ளன. மின்னஞ்சலுக்கும் அதுவே கடவுச்சொல் என்றால், வேறெதையும் செய்யும் முன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மீட்பு இணைப்புகள் எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். அது ஊடுருவியவர் கையில் இருக்கும்போது இன்ஸ்டாகிராமை மீட்பது வீண்வேலை.

எந்த அறிவிப்பும் வராமலே கணக்கு போயிருந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஊடுருவியவர் மின்னஞ்சலுக்குள் இருந்துகொண்டு அறிவிப்புகளை அழித்திருக்கலாம். அல்லது கணினியில் நிறுவிய திருட்டு மென்பொருளோ உலாவி நீட்சியோ, ஏற்கெனவே நுழைந்திருந்த நிலையை அப்படியே நகலெடுத்துக் கொடுத்திருக்கலாம். இரண்டாவது வகையில் ஈரடுக்குச் சரிபார்ப்பும் தடுக்காது, ஏனெனில் அங்கே புதிய நுழைவு என்பதே நடப்பதில்லை. அந்தக் கணினியைத் தூய்மைப்படுத்தும் வரை அதிலிருந்து எந்தக் கடவுச்சொல்லையும் மாற்றக்கூடாது. வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

மீட்பின் படிகள்

*படி 1: மாற்ற அறிவிப்பு மின்னஞ்சலைத் தேடுதல்.* கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டால், பழைய முகவரிக்கு `security@mail.instagram.com` என்னும் முகவரியிலிருந்து இன்ஸ்டாகிராம் அறிவிப்பு அனுப்பும். மாற்றத்தைச் செய்தவர் நீங்கள் அல்ல என்றால் கணக்கைப் பாதுகாக்க ஓர் இணைப்பும் அதில் இருக்கும். முகவரி மாற்றத்தைத் திரும்பப் பெற இதுவே மிகக் குறுகிய வழி. ஜிமெயிலில் இது முதன்மைப் பெட்டியில் இல்லாமல் “Social” பகுதியிலோ “Spam” பகுதியிலோ கிடக்கலாம். எனவே பட்டியலைப் பார்த்துக்கொண்டிராமல் அனுப்புநர் முகவரியை இட்டுத் தேடுவது நல்லது.

இதே தோற்றத்தில் போலி மின்னஞ்சல்களும் வருவதால் அனுப்புநரின் முழு முகவரியையும், இணைப்பைத் தொட்டதும் திறக்கும் பக்கத்தின் முகவரியையும் பார்க்க வேண்டும். பக்கத்தின் முகவரி `instagram.com` என்ற தளப்பெயரில் முடியாமல், அச்சொல்லோடு வேறு சொற்களைச் சேர்த்த வேறொரு தளமாக இருந்தால் அது போலி. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே தனிச் செய்தியாக வரும் ‘பாதுகாப்புக் குழு’ எச்சரிக்கைகளும் போலியே.

*படி 2: உதவிப் பக்கத்தின் வழியாகச் செல்லுதல்.* அந்த மின்னஞ்சல் கிடைக்காவிட்டாலோ அதன் இணைப்பு வேலை செய்யாவிட்டாலோ, உலாவியில் `instagram.com/hacked` என்ற முகவரியைத் திறக்க வேண்டும். கணக்கு ஊடுருவப்பட்டது என்பதைத் தேர்ந்து, பயனர்பெயரைத் தந்தால் அடுத்த வழிகளை அது காட்டும். இதை வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனிலிருந்தும், முடிந்தால் வழக்கமான இணைய இணைப்பிலிருந்தும் செய்வது நல்லது. முன்பு பலமுறை நுழைந்த கருவி என்பது உரிமையாளரை அடையாளம் காண உதவும் குறிப்புகளில் ஒன்று.

ஊடுருவியவர் பயனர்பெயரையும் மாற்றியிருந்தால், பழைய பெயரை இடும்போது கணக்கே இல்லை என்று வரும். அப்போது கணக்கு அழிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். முன்பு செய்தி பரிமாறிய நண்பர் ஒருவர் தம் செயலியில் அந்தப் பழைய உரையாடலைத் திறந்தால், தற்போதைய பயனர்பெயர் அங்கே தெரியும்.

*படி 3: ஊடுருவியவர் இட்ட ஈரடுக்குப் பூட்டைக் கடத்தல்.* மாணவி முதல் படியிலேயே மின்னஞ்சலை மீட்டு, புதிய கடவுச்சொல்லும் இட்டுவிடுகிறார். ஆனால் அடுத்த திரை ஆறு இலக்கக் குறியீடு கேட்கிறது. அதைக் காட்டும் செயலி ஊடுருவியவரின் போனில் இருக்கிறது. இந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அத்திரையில் “Try another way” என்பதைத் தொட்டு, உதவி கோரும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடர்புக்குத் தரும் மின்னஞ்சல், கடவுச்சொல் மாற்றிய, தாம் மட்டுமே திறக்கக்கூடிய முகவரியாக இருக்க வேண்டும்.

கணக்கில் உரிமையாளரின் முகம் தெரியும் படங்கள் இருந்தால், இன்ஸ்டாகிராம் ஒரு சிறு தன்படக் காணொளி கேட்கும். திரை சொல்லும் திசைகளில் தலையைத் திருப்பிக் காட்ட வேண்டும். நல்ல வெளிச்சத்தில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல், முகம் சட்டத்துக்குள் இருக்கும்படி எடுப்பது முக்கியம். இந்தக் காணொளி கணக்கில் வெளியாகாது என்றும் 30 நாட்களுக்குள் அழிக்கப்படும் என்றும் நிறுவனம் கூறுகிறது. சரிபார்ப்பின் முடிவு மின்னஞ்சலில் வரும். மறுக்கப்பட்டால் மீண்டும் காணொளி எடுத்து அனுப்பலாம்.

கணக்கில் முகப்படம் இல்லாவிட்டால், கணக்கைத் தொடங்கியபோது தந்த மின்னஞ்சல் அல்லது தொலைபேசி எண்ணையும், எவ்வகைக் கருவியில் தொடங்கினோம் என்பதையும் கேட்கும். ஓவியம், நகைச்சுவைப் படம், கடை விளம்பரம் மட்டும் இடும் கணக்குகளை மீட்பது கடினமாவது இதனால்தான். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே முகமில்லை, தொடக்க விவரங்களோ பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அவற்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மீண்டும் நுழைந்தபின் முதல் பத்து நிமிடம்

மாணவிக்கு இரண்டாம் நாள் மாலை கணக்கு கிடைக்கிறது. கடவுச்சொல்லை மாற்றுகிறார், மோசடிப் பதிவை அழிக்கிறார், ‘திரும்ப வந்துவிட்டேன்’ என்று பதிவிடுகிறார். அன்றிரவே கணக்கு மறுபடி பறிபோகிறது. புதிய கடவுச்சொல்லை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பின் எப்படி நுழைந்தார்கள்?

ஊடுருவியவர் தம்முடைய வேறொரு கணக்கை மாணவியின் “Accounts Center” பகுதியில் இணைத்து வைத்திருந்தார். அங்கே இணைக்கப்பட்ட ஒரு கணக்கின் வழியாக மற்றொன்றுக்குள் நுழைய வசதி உண்டு. ஒருவரே பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் எளிதாகப் பயன்படுத்துவதற்காக வந்த வசதி அது. ஊடுருவியவர் அதைப் பின்வாசலாக ஆக்கிக்கொண்டார். முன்வாசலின் பூட்டை மட்டும் மாற்றியதால் பயனில்லாமல் போயிற்று.

ஆகவே இரண்டாம் முறை கணக்கு கிடைத்ததும் வேலைகளைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்ய வேண்டும். இவற்றுள் முதல் ஐந்தும் “Settings” பகுதியிலிருந்து செல்லும் “Accounts Center” பக்கத்தில் உள்ளன.

1. “Password and security” பகுதியில் “Change password” என்பதைத் திறந்து, வேறெங்கும் பயன்படுத்தாத புதிய கடவுச்சொல்லை இட வேண்டும். அங்கே மற்றக் கருவிகளிலிருந்து வெளியேற்றும் தெரிவு “Log out of other devices” என்று இருக்கும். அதைக் கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊடுருவியவரின் போனில் கணக்கு திறந்தபடியே இருக்கக்கூடும்.

2. “Personal details” பகுதியில் உள்ள “Contact info” பட்டியலைப் பார்த்து, தமக்குத் தெரியாத மின்னஞ்சலையும் எண்ணையும் நீக்க வேண்டும். தம் மின்னஞ்சல் அங்கே இருப்பதைப் பார்த்தவுடன் திருப்தி அடைந்துவிடக்கூடாது. அதனருகே அந்நியமான இரண்டாவது முகவரி ஒன்று இருந்தால் அதற்கும் மீட்பு இணைப்பு போகும்.

3. “Accounts” பகுதியில் இணைக்கப்பட்டுள்ள கணக்குகளைப் பார்த்து, தம்முடையது அல்லாததை நீக்க வேண்டும். மாணவி முதல் முறை தவறவிட்ட படி இது.

4. “Two-factor authentication” பகுதியில் ஊடுருவியவர் சேர்த்த குறியீட்டுச் செயலியை நீக்கிவிட்டு, தம் போனில் உள்ள செயலியைப் புதிதாக இணைக்க வேண்டும். “Additional methods” என்பதன் உள்ளே “Backup codes” என்னும் மாற்றுக் குறியீடுகள் இருக்கும். ஊடுருவியவர் அவற்றையும் நகலெடுத்திருக்கலாம் என்பதால் புதிய குறியீடுகளைப் பெற்று, காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். போன் தொலைந்தால் உள்ளே நுழைய அவையே உதவும்.

5. “Where you're logged in” பட்டியலில் தமக்குத் தெரியாத கருவிகள் எஞ்சியிருந்தால் வெளியேற்ற வேண்டும். அங்கே காட்டும் ஊர்ப்பெயர் துல்லியமானதன்று. போன் நிறுவனத்தின் இணையம் வேறு நகரத்தின் பெயரைக் காட்டக்கூடும். ஆகவே ஊரைவிடக் கருவியின் பெயரையும் நேரத்தையும் கொண்டு முடிவு செய்வது சரியாக இருக்கும்.

6. கடைசியாக, “Settings” பகுதியில் உள்ள “Apps and websites” என்பதில் பிற செயலிகளுக்குத் தந்த அனுமதிகளைப் பார்க்க வேண்டும். பின்தொடர்வோரை அதிகரித்துத் தருவதாகவும், சுயவிவரத்தை யார் பார்த்தார்கள் என்று காட்டுவதாகவும் சொல்லும் செயலிகள் இருந்தால் அனுமதியை நீக்குவதோடு போனிலிருந்தும் அழிக்க வேண்டும்.

வரிசைக்குக் காரணம் உண்டு. அந்நிய மின்னஞ்சலும் இணைந்த கணக்கும் உள்ளே இருக்கும்போதே ஈரடுக்குச் சரிபார்ப்பைச் சீரமைத்தால், நாம் செய்யும் மாற்றத்தின் அறிவிப்பு ஊடுருவியவருக்கும் போகக்கூடும். அவர் விழித்துக்கொண்டு மறுபடி மாற்றத் தொடங்குவார். முதலில் அவரை வெளியேற்றிவிட்டு, பிறகு பூட்டுகளை மாற்ற வேண்டும்.

மின்னஞ்சலில் மறைந்திருக்கும் வழிகள்

ஊடுருவியவர் மின்னஞ்சலுக்குள்ளும் போயிருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அவருக்குச் செய்திகள் போய்க்கொண்டிருக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வரும் அஞ்சலையெல்லாம் வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் அமைப்பு. மற்றொன்று வடிகட்டி. இன்ஸ்டாகிராமிலிருந்து வரும் அஞ்சலை உரிமையாளர் பார்க்கும் முன்பே குப்பைக்கு அனுப்பும்படி அதை அமைக்கலாம். அறிவிப்பே வராமல் கணக்கு பறிபோனவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஜிமெயிலின் போன் செயலியில் இவை தெரிவதில்லை. கணினி உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் “Forwarding and POP/IMAP”, “Filters and Blocked Addresses” ஆகிய இரு தத்தல்களையும் பார்க்க வேண்டும். தாம் உருவாக்காத எதையும் நீக்க வேண்டும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் தம்முடையவைதானா என்றும் பார்க்க வேண்டும். அவை மாற்றப்பட்டிருந்தாலும், மாற்றியதிலிருந்து ஏழு நாட்கள் வரை பழைய எண்ணுக்கோ முகவரிக்கோ கூகுள் குறியீடு அனுப்பக்கூடும். எனவே மின்னஞ்சலே பறிபோனவர்கள் அந்த ஏழு நாட்களுக்குள் மீட்பைத் தொடங்குவது மிக முக்கியம்.

நண்பர்களை எச்சரித்தலும் புகாரும்

கணக்கு கையில் இல்லாத நேரத்திலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தொலைபேசியிலும் வாட்ஸ்அப் நிலையிலும், ‘என் பெயரில் பணமோ குறியீடோ ஸ்கிரீன்ஷாட்டோ கேட்டால் தராதீர்கள்’ என்று சொல்லிவிட வேண்டும். மீட்ட பிறகு, ஊடுருவியவர் அனுப்பிய தனிச் செய்திகளை உடனே அழித்துவிடக்கூடாது. யார் யாருக்கு என்ன அனுப்பப்பட்டது என்பதைப் படமெடுத்து வைத்து, அவர்களைத் தனித்தனியாக எச்சரித்த பிறகு அழிக்கலாம். மாணவியின் தோழி அன்றே இதைச் செய்திருந்தால் மாணவியின் கணக்கு பறிபோயிருக்காது.

இந்தியாவில் யாராவது பணம் இழந்திருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் புகார் சேர்ந்தால்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பண இழப்பு இல்லாத ஊடுருவலையும் `cybercrime.gov.in` தளத்தில் பதியலாம். பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். புகார் கணக்கைத் தானாக மீட்டுத் தராது. ஆனால் அந்த நாட்களில் கணக்கிலிருந்து நடந்தவற்றைச் செய்தவர் உரிமையாளர் அல்லர் என்பதற்கு அது பதிவாக நிற்கும்.

கணக்கு போய்விட்டது என்று பொதுவெளியில் எழுதியவுடன், ‘எனக்கு ஒருவர் மீட்டுத் தந்தார், அவரைத் தொடர்பு கொள்ளுங்கள்’ என்ற பதில்கள் வரும். அவற்றை நம்பிப் போகிறவர்கள் இரண்டாம் முறை ஏமாறுகிறார்கள். வெளியாள் எவருக்கும் இன்ஸ்டாகிராமின் உள்ளே சென்று கணக்கைத் திருப்பித் தரும் வழி இல்லை. அவர்கள் கேட்பது முன்பணமும், வந்து சேரும் குறியீடும்தான்.

மீட்பு முடிந்தது என்று எப்படி அறிவது?

அடுத்த இரண்டு வாரங்களுக்கு மூன்று இடங்களை அவ்வப்போது பார்த்தால் போதும். நுழைந்துள்ள கருவிகளின் பட்டியலில் தம் கருவிகள் மட்டுமே இருக்க வேண்டும். இணைந்த கணக்குகளின் பட்டியல் மாறாமல் இருக்க வேண்டும். “Password and security” பகுதியில் உள்ள “Recent emails” என்பதில் இன்ஸ்டாகிராம் அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்கள் தெரியும். அங்கே இருக்கும் அஞ்சல் மின்னஞ்சல் பெட்டியில் இல்லையென்றால், வடிகட்டியோ அந்நிய முகவரியோ இன்னும் எங்கோ இருக்கிறது. பெட்டியில் இருக்கும் அஞ்சல் அங்கே இல்லையென்றால், அந்த அஞ்சல் போலி.

கேட்காத மீட்பு இணைப்புகள் இக்காலத்தில் மீண்டும் வரலாம். ஊடுருவியவர் வெளியே நின்று கதவைத் தட்டுகிறார் என்பதே அதன் பொருள். அந்த இணைப்பை எவருக்கும் அனுப்பாத வரை அவர் வெளியேதான் நிற்பார்.